பக்கம் முடியும் நேரத்தில்: இதழியல் மாணவர்களிடம் ஒரு மூத்த ஆசிரியர் பேசியது

துறைத் தலைவர் அம்மாவுக்கும், ஆசிரியர்களுக்கும், தம்பிகளுக்கும், அம்மணிகளுக்கும் வணக்கமுங்க.

உண்மையைச் சரிபார்க்கிறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நேரம் இருந்தா யார் வேணா சரிபார்ப்பாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல, பக்கம் பிரஸ்ஸுக்குப் போக இருபது நிமிஷம் இருக்கறப்போ என்ன பண்றது? அதை மட்டும் பேசறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நேரம் குறைஞ்சா செய்தியோட நீளம் குறையலாம், உறுதி குறையக் கூடாது. நாப்பது வரி எழுதலாம்னு உக்காந்திருப்பீங்க. உறுதியாத் தெரிஞ்சது எட்டு வரிதான்னா, எட்டு வரி கொடுங்க. மிச்ச இடத்தை நிரப்பறது டெஸ்க்கோட வேலை. அதுக்குன்னு துணுக்குச் செய்தி எப்பவும் கையில இருக்கும்.

ஒரு விபத்தை வெச்சுக்குவோம். விஜயமங்கலத்துக்கும் பெருந்துறைக்கும் நடுவுல, பைபாஸ்ல ஒரு வேனும் லாரியும் மோதிருச்சு. ஒரு வாட்ஸ்அப் குரூப்ல 7 பேர் பலின்னு வருது. இன்னொண்ணுல 9. டிவியில 8. நடு நம்பரை எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு தோணும்.

பலி எண்ணிக்கை எப்படித் தப்பாகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. காயம்பட்டவங்களைப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போறாங்க. நிலைமை மோசமா இருக்கறவங்களைக் கோவை ஜி.ஹெச்.சுக்கு அனுப்பறாங்க. போற வழியில ஒருத்தர் இறந்துடறார். பெருந்துறையில தங்ககிட்ட வந்தவர்னு அவரை இறந்தவர் கணக்குல சேர்த்துடறாங்க, கோவையிலயும் இறந்தவர் கணக்குல சேர்க்கறாங்க. ரெண்டு எடத்துலயும் விசாரிச்ச நிருபர் ரெண்டையும் கூட்டினா, ஒரே மனுஷன் ரெண்டு தடவை வந்துடுவார். இதுல யாரும் பொய் சொல்லலை.

அதனால போன்ல "எத்தனை பேருங்க?"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா ஒரு நம்பர் வரும், அது அவர் காதுல விழுந்த நம்பராக்கூட இருக்கலாம். "ஒவ்வொருத்தர் பேரா சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு கேளுங்க. பேர், வயசு, ஊர், எந்த ஆஸ்பத்திரி. அந்தப் பட்டியலை நீங்களே எண்ணுங்க. அஞ்சு பேர் வந்தா, "5 பேர் இறந்தது உறுதியாகியுள்ளது"ன்னு எழுதுங்க, எத்தனை மணி நிலவரம்னும் போடுங்க. டிவி 8 சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

அடுத்தது பேரும் ஊரும். நம்ம பக்கம் ஊருக்கு ஒரு பழனிசாமி இல்லை, தெருவுக்கு ஒருத்தர். புதுப்பாளையம்னு எத்தனை ஊர் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். "புதுப்பாளையத்தைச் சேர்ந்த பழனிசாமி, 45"னு காலைல பேப்பர்ல வந்தா, எத்தனை வீட்டுல போன் அடிக்கும்? இனிஷியல், தாலுகா, என்ன தொழில் பண்றார், இந்த மூணையும் கேட்டு வாங்குங்க. கிடைக்கலைன்னா பேரை நிறுத்தி வைங்க. இன்னொண்ணும் கேளுங்க: வீட்டுக்குச் சொல்லியாச்சா? ஒரு அம்மா, மகன் போன சேதியை உங்க வெப்சைட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. இதை நான் ரொம்பக் கண்டிப்பாச் சொல்றேன்.

வீடியோ விஷயத்துக்கு வரேன். 2023 மார்ச் மாசம் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோ பரவுச்சு. அப்பவே டிஜிபி விளக்கம் கொடுத்தார். பரவினதுல ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளர்களுக்குள்ளயே நடந்த தகராறு. இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்தது. ரெண்டுமே முன்னாடி நடந்தவை. வீடியோ நிஜம், ஊரும் நிஜம், கூட ஒட்டின கதைதான் பொய். அந்தப் பொய்யால பனியன் கம்பெனிகள்ல வேலை செஞ்சவங்க பயந்துபோனாங்க. பீகார் அரசு இங்க ஒரு குழுவையே அனுப்பி விசாரிச்சது.

அதனால வீடியோ நிஜமாங்கறது பாதிக் கேள்விதான். எப்ப எடுத்தது, இதுல இருக்கறது யார் யாரு, மொதல்ல போட்டது யாரு? போர்டுல என்ன எழுத்து, வண்டி நம்பர் டிஎன் 39ஆ, டிஎன் 33ஆ, வேற மாநிலமா? அந்த ஏரியா ஸ்டேஷனுக்கு ஒரு போன். ஒரு படத்தை நிறுத்தி கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, பழசா இருந்தா அனேகமாச் சிக்கிரும். மூணு சேனல்ல வந்துருச்சே சார்னு சொல்லுவீங்க. மூணும் ஒரே குரூப்ல இருந்து எடுத்திருந்தா, ஆதாரம் ஒண்ணுதான்.

நம்பருக்கு வாங்க. கணக்கு வராதுன்னு தமிழ் படிச்ச பிள்ளைங்க ஒதுங்கிடுது, அது வேண்டாம். பவானிசாகர் அணைக்கு உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. இது மனப்பாடமா இருக்கணும். நொடிக்கு 11,574 கன அடி தண்ணி ஒரு நாள் முழுக்க வந்தா ஒரு டிஎம்சி சேரும். இந்த ஒரு கணக்கு போதும். "ஒரே நாளில் அணைக்கு 10 டிஎம்சி"ன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தா, நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் கன அடிக்குப் பக்கத்துல வந்திருக்கணுமேன்னு உடனே உறைக்கும். நீர்வரத்துன்னு எழுதியிருக்கறது திறப்பா, இருப்பான்னு கேப்பீங்க. அதேபோல ஈரோடு மஞ்சள் விலை குவிண்டாலுக்கா கிலோவுக்கா, திருப்பூர் ஏற்றுமதி ரூபாயிலயா டாலர்லயா, மில்லியனைக் கோடின்னு மாத்தினாங்களான்னு பாருங்க. 10 லட்சம்தான் ஒரு மில்லியன்.

கிரைம் செய்தியில சட்டப் பிரிவு மாறிப்போச்சு. 2024 ஜூலை 1ல இருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. கொலை வழக்குக்கு 302ன்னு பழக்கத்துல எழுதாதீங்க, இப்ப 103. ஆனா சம்பவம் அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்திருந்தா பழைய சட்டம்தான் பொருந்தும். எஃப்ஐஆரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனவரைக் "கைது"ன்னு எழுதாதீங்க, கைதானவரைக் "குற்றவாளி"ன்னு எழுதாதீங்க. போக்ஸோ வழக்குல குழந்தையோட பேரை விட்டா மட்டும் போதாது. பள்ளிக்கூடம், தெரு, அப்பாவோட தொழில், இதெல்லாம் போட்டா ஊருக்கே அடையாளம் தெரிஞ்சுரும். சட்டமும் அதைத் தடுக்குது.

கடைசியா, நாளைக்கு டெஸ்க்ல உக்காரப் போறவங்களுக்கு. தாலுகாவுல இருக்கற பகுதிநேர நிருபருக்குக் கிடைக்கிறது சொற்பம். பெட்ரோல் காசு போட்டு ஸ்பாட்டுக்குப் போறார். அவர் போன்ல "இன்னும் தெரியலீங்க"ன்னா திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லுவார், அந்தப் பொய் உங்க மிரட்டல்ல பொறந்தது. "சரிங்கண்ணா, தெரிஞ்சது வரைக்கும் சொல்லுங்க"ன்னு கேளுங்க.

இப்ப உங்க மேஜையில ஆளுக்கு ஒரு தாள் வெச்சிருக்கோம். நான் சொன்ன அந்த வேன் விபத்தைப் பத்தி வந்த தகவல்கள், பன்னெண்டு வரி. ஒண்ணுக்கொண்ணு முரண்படும். பதினஞ்சு நிமிஷம் தரேன். செய்தியா எழுதுங்க, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல யார் சொன்னதுன்னு குறிங்க. ஓரம் காலியா இருக்கற வரியை நீங்களே அடிச்சிடுங்க. ஆரம்பிக்கலாம்.