தேடுதல் நின்றுபோன பிறகு தோழிக்கு எழுதியது

அன்புத் தோழிக்கு,

நேற்று போனில் பேசும்போது, "அண்ணனுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர்" என்றாய். உடனே, "உயிராக இருந்தது என்று சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதுவேதான் மனதில் ஓடியது.

உனக்கு எப்படி வாயில் வருகிறதோ அப்படியே சொல். காலையில் "இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் "இருந்தார்" என்றாலும் சரி. என்னிடம் பேசும்போது நீ எதையும் திருத்திச் சொல்ல வேண்டாம்.

படகு கிடைத்தது, அண்ணன் கிடைக்கவில்லை. பதினான்கு மாதமாயிற்று. "இறந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு ஒருத்தி அழுவதா, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? அவருடைய நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன் என்று கூச்சத்தோடு சொன்னாயே, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தோன்றும்வரை செய். நிறுத்தத் தோன்றினால் நிறுத்து. நிறுத்தினால் அவரைக் கைவிட்டதாக ஆகாது.

பாலின் பாஸ் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். 1970களில், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசிப் பேசி, இப்படிப்பட்ட இழப்புக்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று சொல்லலாம். கோளாறு உன்னிடம் இல்லை, நீ மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமையே அப்படி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். போய்விட்டார், ஆனாலும் வரலாம் என்று ஒரே மனம் இரண்டையும் நினைக்கலாமாம். படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. முதல் வாரம், "கவலைப்படாதே, வந்துவிடுவார்" என்று நாளுக்கு நான்கு தடவை சொன்னேன். உன் பயத்தைப் பார்க்க எனக்குப் பயம், அதனால் சொன்னது. அப்புறம் பேச்சு தெரியாமல் இரண்டு மாதம் கூப்பிடாமலே இருந்தேன். அதுதான் பெரிய தப்பு.

"மனதைத் தேற்றிக்கொள்" என்பவர்களுக்கும் "நம்பிக்கையை விடாதே" என்பவர்களுக்கும் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. உன் பெரியம்மா போன் செய்தால் என்னிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

வங்கிக் கணக்கு விஷயமாக வியாழக்கிழமை ஏதோ கையெழுத்துப் போடணும் என்றாயே, நானும் வருகிறேன். அன்றைக்கு லீவு சொல்லியாயிற்று. அங்கே போய்க் கை ஓடவில்லை என்றால் போடாமலே திரும்பி வந்துவிடலாம். போட்டாலும், அது அந்தக் காகிதத்துக்கான பதில் மட்டும்தான். அம்மாவிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். அண்ணனைப் பற்றிப் பேசத் தோன்றினால் வழியெல்லாம் பேசு. அவர் நமக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் வேலியில் விட்ட கதையை நீ சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

உன் தோழி