கணிதம்: எட்டு வாரத் திட்டம்

போன தேர்வின் விடைத்தாளை வரி வரியாகப் பார்த்தேன். 100க்கு 31. இழந்த மதிப்பெண்களில் 22, உனக்குச் செய்யத் தெரிந்த கணக்குகளில் போனவை. 5 − 3(x − 4) என்பதை 5 − 3x − 12 என்று விரித்திருக்கிறாய். வரவேண்டியது 5 − 3x + 12. இந்த ஒரு குறியால் அடுத்த நான்கு வரிகளும் வீண். 1/2 + 1/3 = 2/5 என்று போட்ட இடமும் அப்படித்தான். அதனால் முதலில் இதைச் சரிசெய்வோம், புதுப் பாடம் பிறகு. இலக்கு 55.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 7.15 வரை. செவ்வாய், வியாழன் நீயாகவே 40 நிமிடம். சனிக்கிழமை 25 மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னத் தேர்வு. ஞாயிறு புத்தகத்தைத் தொடாதே.

வாரம் 1, 2: குறிகள், பின்னங்கள், அடைப்புக்குறி விரித்தல். வகுப்பு தொடங்கியதும் பத்து கணக்கு, பத்து நிமிடம். பத்தில் எட்டு கணக்காவது சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போகமாட்டோம். இதற்கு மூன்றாவது வாரமும் தேவைப்பட்டால் தாராளமாக எடுத்துக்கொள்வோம், புள்ளியியலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இன்று முதல் ஒரு தனி நோட்டு, பிழைகளுக்கு மட்டும். இடப்பக்கம் நீ தவறாகப் போட்ட வரியை அப்படியே எழுது, வலப்பக்கம் சரியான வரி, கீழே ஏன் தப்பியது என்று ஒரே வாக்கியம். "கவனக்குறைவு" என்று எழுதாதே. "வெளியே இருந்த மைனஸை உள்ளே இரண்டாவது உறுப்போடு பெருக்கவில்லை" என்று எழுது. செவ்வாய், வியாழன் முதல் பத்து நிமிடம், வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அதே கணக்குகளைத் திரும்பப் போடு. எனக்கு இந்த நோட்டுதான் முக்கியம், வீட்டுப்பாட நோட்டுகூட அப்புறம்தான்.

வாரம் 3, 4: ஒருபடிச் சமன்பாடுகள், காரணிப்படுத்தல். x² − 7x + 12 போன்றவை. பெருக்கினால் 12, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்களைத் தேடு: −3, −4. விடையை மறுபடி பெருக்கிப் பார்க்காமல் நோட்டை மூடக்கூடாது.

வாரம் 5: ஆயத்தொலை வடிவியல். தொலைவு, நடுப்புள்ளி, சாய்வு. சூத்திரம் மூன்றுதான், படம் வரைந்துவிட்டுத் தொடங்கு.

வாரம் 6: சராசரி, திட்ட விலக்கம், அளவியல்.

வாரம் 7: இரண்டு முழுத் தேர்வு, கடிகாரம் வைத்து. முதல் ஐந்து நிமிடம் கேள்வித்தாளை முழுதாகப் படித்து, தெரிந்ததற்கு டிக் போட்டுவிட்டு அவற்றிலிருந்து தொடங்கு. தெரியாத கணக்கிலும் சூத்திரத்தையும் கொடுத்த மதிப்புகளையும் எழுதி வை, படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

வாரம் 8: பிழை நோட்டு மட்டும். புதிதாக எதுவும் வேண்டாம். தேர்வுக்கு முந்தின இரவு 10 மணிக்குத் தூங்கிவிடு.

முதல் இரண்டு சனிக்கிழமை மதிப்பெண் ஏறாமல் போகலாம், அதற்காகக் கலங்காதே. எதாவது புரியவில்லை என்றால் அன்றைக்கே கேள், எத்தனை தடவை கேட்டாலும் சொல்லித் தருகிறேன். திங்கட்கிழமை வரும்போது அந்த விடைத்தாளையும் புது நோட்டையும் கொண்டு வா.