அத்தியாயம் 4: லீவு, பர்மிஷன், வேலைக்கு வராத நாட்கள்

4.1 யாருக்கு, எதற்குப் பதிலாக

நம் கோவை பம்ப் ஆலையில் ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி, டெஸ்டிங், ஆபீஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும், கம்பெனி மஸ்டரில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். போன வருடம் டிரெய்னிங் ஹாலில் காட்டிய 22 ஸ்லைடுகளுக்குப் பதிலாக 2026 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. ஸ்லைடில் ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் இருந்தால் இங்கே இருப்பதே செல்லும்.

அந்த ஸ்லைடுகளில் "உரிய அனுமதியுடன்" என்று ஒன்பது இடத்தில் இருந்தது. யாருடைய அனுமதி என்று ஓரிடத்திலும் இல்லை. "முன்கூட்டியே" என்பதை ஃபவுண்டரியில் ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டார்கள், அசெம்பிளியில் முந்தின நாள் சாயங்காலம் போதும் என்று இருந்தார்கள். இரண்டுமே தப்பில்லை, எழுதின எங்கள் மேல்தான் தப்பு. அதனால் இங்கே யார், யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று சேர்த்தே எழுதியிருக்கிறோம். "வேண்டும்" என்றால் கட்டாயம். "லாம்" என்று முடிந்தால் உங்கள் இஷ்டம்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் லீவுக் கணக்கு கான்ட்ராக்டரிடம் இருக்கிறது. ஆனால் வேலையில் அடிபட்டால் 4.6இல் உள்ளது அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். அப்ரெண்டிஸ்களுக்கு அவர்களுடைய பயிற்சி ஒப்பந்தத்தில் உள்ள லீவுதான்.

4.2 எத்தனை நாள்

சி.எல். வருடத்துக்கு 8 நாள். மீதியானால் அடுத்த வருடத்துக்கு வராது.

இ.எல். என்பது வேலை செய்த 20 நாளுக்கு 1 நாள். அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் முழு நாளாகக் கணக்கு: 275 நாள் வேலை பார்த்தவருக்கு 13.75 வரும், அது 14 ஆகும். சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் எடுக்கலாம். 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நீங்கள் கேட்டு கம்பெனி மறுத்த இ.எல். இந்த 30 நாள் உச்சவரம்புக்குள் வராது, அது எத்தனை நாளானாலும் உங்கள் கணக்கில் நிற்கும். ஆகவே மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்துடன் விடுமுறை வருடத்துக்கு 9 நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாறாதவை. மற்ற ஐந்து பண்டிகை நாட்களின் பட்டியல் ஒவ்வொரு டிசம்பரிலும் கேண்டீன் பலகையில் ஒட்டப்படும். இந்த நாட்களில் வேலைக்கு அழைத்தால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். வந்தவர் இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளமும் பதிலுக்கு ஒரு நாள் லீவுமோ கேட்கலாம். எது வேண்டும் என்று முடிவு செய்பவர் வேலைக்கு வந்தவர்தான், சூப்பர்வைசர் அல்ல.

4.3 லீவு கேட்பது

மூன்று நாள் வரை என்றால் இரண்டு வேலை நாளுக்கு முன் உங்கள் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் லீவு சீட்டைக் கொடுக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ என்றால் 15 நாளுக்கு முன். சீட்டின் அடிக்கட்டையில் அவர் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்த அடிக்கட்டையைத் தொலைக்காதீர்கள், பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

சூப்பர்வைசர் மூன்று வேலை நாளுக்குள் சரி அல்லது இல்லை என்று எழுதித் தர வேண்டும். இல்லை என்றால் காரணமும் எந்தத் தேதியில் தர முடியும் என்பதும் சீட்டிலேயே இருக்க வேண்டும். "ஆள் இல்லை" என்ற இரண்டு சொல் காரணமாகாது. மூன்று நாளில் பதில் வராவிட்டால் லீவு கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். இதை எழுத சூப்பர்வைசர்கள் பலரும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிலே தராமல் வைத்திருந்து கடைசி நாளில் மறுத்ததால் டிக்கெட் காசை இழந்தவர்கள் இங்கே உண்டு என்பதால் இது நீடிக்கிறது. இரண்டு நாளுக்கு முன் கொடுத்த சீட்டுக்கு மட்டும் மறுநாள் ஷிப்ட் முடிவதற்குள் பதில் வேண்டும்.

பொங்கல், தீபாவளி வாரங்கள் தனி. ஒரு லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் லீவு தர முடியாது. ஃபவுண்டரியில் உருக்கு உலை ஓடும் ஷிப்டில் நான்கில் ஒரு பங்கு. சீட்டை 30 நாளுக்கு முன் கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் அதிகமானால் போன வருடம் அதே பண்டிகைக்குக் கிடைக்காதவருக்கு முதலிடம், அதன் பிறகுதான் சீனியாரிட்டி. ஆயுத பூஜை அன்று மதியத்துக்கு மேல் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

பீகார், ஒடிசா போன்ற தூர ஊர்க்காரர்களுக்கு ரயிலில் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அவர்கள் வருடத்தில் ஒரு முறை இ.எல். முழுவதையும் சேர்த்து எடுக்கலாம். அதோடு கூடுதலாக 10 நாள் சம்பளமில்லாத லீவும் கேட்கலாம். இதைத் தருவது சூப்பர்வைசர் அல்ல, டிபார்ட்மென்ட் மேனேஜர். ரயில் தாமதமானால் டிக்கெட்டைக் காட்டினால் போதும், வராத நாளாகாது.

4.4 சொல்லாமல் வர முடியாமல் போனால்

காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை, வீட்டில் திடீர்ப் பிரச்சினை. எதுவானாலும் ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் சூப்பர்வைசருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் எடுக்காவிட்டால் டைம் ஆபீஸுக்கு. உங்களால் பேச முடியாவிட்டால் வீட்டில் யாரும் பேசலாம். லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சொன்னதாக ஆகாது. அங்கே காலையில் வரும் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே அதை யாரும் பார்ப்பதில்லை. சூப்பர்வைசரின் தனி நம்பருக்கு அனுப்பினால் சொன்னதாகும்.

தகவலே இல்லாமல் மூன்று நாள் ஆனால் சூப்பர்வைசர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். ஐந்தாம் நாள் டைம் ஆபீஸ் வீட்டு நம்பருக்கு அழைக்க வேண்டும். எட்டாம் நாள் எச்.ஆர். பதிவுத் தபால் அனுப்பும். விசாரணை நடத்தாமல் யாருடைய பெயரையும் மஸ்டரிலிருந்து எடுக்கக் கூடாது. "பத்து நாள் வராதவர் தானாக நீக்கம்" என்று 17ஆம் ஸ்லைடில் இருந்த வரி ரத்து.

4.5 உடம்பு சரியில்லை என்றால்

அதிகக் குழப்பம் இங்கேதான். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பெனியில் தனியாக சிக் லீவு கிடையாது, இ.எஸ்.ஐ. பணம் தருகிறது: சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ. தராது. அந்த இரண்டு நாளை சி.எல்.ஆக எழுதச் சொல்லலாம், சி.எல். தீர்ந்திருந்தால் கம்பெனி அந்த இரண்டு நாளுக்கு அரைச் சம்பளம் தரும். முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் இந்த இரண்டு நாள் பிடித்தம் இல்லை.

இதற்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலோ சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ கொடுத்த சான்றிதழ் வேண்டும். தனியார் டாக்டர் சீட்டு லீவுக்கு ஆகும், இ.எஸ்.ஐ. பணத்துக்கு ஆகாது. விண்ணப்பம் போடத் தெரியாதவருக்கு டைம் ஆபீஸ் போட்டுத் தர வேண்டும். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இ.எஸ்.ஐ. நோய்ப் பணம் வாங்கும் காலத்தில் யாரையும் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ சட்டமே இடம் தரவில்லை.

இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு வருடத்துக்கு 6 நாள் சிக் லீவு. தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ என்றால் டாக்டர் சீட்டு வேண்டும்.

4.6 மேலே சொன்ன நாள் கணக்கு பொருந்தாத இடங்கள்

வேலையில் அடிபட்டால் அது லீவே அல்ல. சூப்பர்வைசர் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சின்னக் காயம் என்று நீங்கள் சொன்னாலும் எழுத வேண்டும். எழுதாத காயத்துக்கு இ.எஸ்.ஐ.யில் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

சாவு வீட்டுக்கு யாரும் முன் அனுமதி கேட்க வேண்டாம், போன் போதும். அப்பா, அம்மா, கணவர், மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், மாமனார், மாமியார் என்றால் சம்பளத்துடன் 3 நாள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்றால் 1 நாள். ஸ்லைடில் "நெருங்கிய குடும்பம்" என்று மட்டும் இருந்ததால் பெரியம்மா கையில் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காமல் போனது. வளர்த்தவர் யாராக இருந்தாலும் இனி 3 நாள், நீங்கள் சொன்னால் போதும், நிரூபிக்க வேண்டாம். 16ஆம் நாள் காரியத்துக்குக் கேட்கும் சி.எல்.லை மறுக்கக் கூடாது.

மகப்பேறு லீவு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்குப் பணம் அங்கிருந்து வரும், மற்றவருக்குக் கம்பெனி தரும். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நேரே எச்.ஆர்.இல் உள்ள பெண் அலுவலரிடம் சொல்லலாம், தேதிகளை மட்டும் அவர் சூப்பர்வைசருக்குச் சொல்வார். திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை கூடுதலாக உண்டு.

பாலியல் தொந்தரவு பற்றி உள்ளகப் புகார் குழுவிடம் புகார் கொடுத்தவர் விசாரணைக் காலத்தில் லீவு கேட்டால், குழு பரிந்துரைத்ததும் 3 மாதம் வரை தர வேண்டும். இது மற்ற லீவில் கழியாது. இந்தச் சீட்டு சூப்பர்வைசர், மேனேஜர் யார் கையிலும் போகாது.

உங்கள் தொகுதியில் ஓட்டுப்பதிவு நடக்கும் நாள் சம்பளத்துடன் லீவு. ஊருக்குப் போய் வரும் நாட்கள் இ.எல்.இல் கழியும்.

4.7 பர்மிஷன்

மாதம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் வரை. சூப்பர்வைசர் வாய்மொழியாகத் தரலாம், கேட் பாஸில் எழுத வேண்டும். பத்து நிமிடம் வரை தாமதம் மாதம் மூன்று முறை கணக்கில் வராது. நான்காவது முறையிலிருந்து தாமதமான நேரத்துக்கு மட்டுமே சம்பளம் பிடிக்கலாம், அரை நாள் பிடிக்கக் கூடாது.

4.8 யாரைக் கேட்பது

லீவு கிடைக்குமா என்பதற்கு ஷிப்ட் சூப்பர்வைசர். எத்தனை நாள் மீதி, பஞ்ச் விட்டுப்போனது, இ.எஸ்.ஐ. விண்ணப்பம் ஆகியவற்றுக்கு டைம் ஆபீஸ், உள் எண் 214, காலை 7.30 முதல் மாலை 6 வரை. நீண்ட லீவுக்கும் சூப்பர்வைசர் மறுத்த லீவுக்கும் டிபார்ட்மென்ட் மேனேஜர், அவர் இரண்டு வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தில் எழுதாத ஒரு சூழ்நிலை வந்தால் எச்.ஆர்., உள் எண் 220. அவர்கள் சொல்லும் முடிவு பலகையில் ஒட்டப்படும், அடுத்தவருக்கும் அதே முடிவு. அதிலும் திருப்தி இல்லாவிட்டால் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கும் குறைதீர்க்கும் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். நைட் ஷிப்டில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது ஷிப்ட் இன்சார்ஜ் சொல்வதே முடிவு. மறுநாள் அதை மாற்றினாலும், அவர் சொன்னதை நம்பிப் போனவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

4.9 பழைய கணக்கு

2025 டிசம்பர் 31 வரை உங்களுக்குள்ள இ.எல். எத்தனை என்பது ஜனவரி சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். தப்பாக இருந்தால் பிப்ரவரி 28க்குள் டைம் ஆபீஸில் சொல்ல வேண்டும், பழைய அடிக்கட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள், மஸ்டரைப் பிரித்து உங்கள் முன்னாலேயே எண்ணிப் பார்ப்பார்கள்.