மாடுலர் கிச்சன் அட்வான்ஸ் 70,000 ரூபாய்: வேலையா, பணமா என்று கேட்டு எழுதும் கடிதம்

தருமபுரி,
15.09.2025

அனுப்புநர்:
பென்னாகரம் ரோட்டு வீட்டுக்காரர், தருமபுரி.

பெறுநர்:
கார்பென்டர் அண்ணன் அவர்கள்,
நல்லம்பள்ளி பட்டறை.

பொருள்: மாடுலர் கிச்சன் வேலையை முடித்துத் தருவது, அல்லது அட்வான்ஸைத் திருப்பித் தருவது குறித்து.

அண்ணனுக்கு வணக்கம்.

ஜூன் 12-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து அளவெடுத்தீர்கள். 96 சதுர அடி, அடிக்கு 1,500 வீதம் மொத்தம் 1,44,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். அன்றைக்கே கையில் 10,000 கொடுத்தேன். எஸ்டிமேட் தாளின் அடியில் 'வரவு 10,000' என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஜூன் 16 அன்று ஜிபேயில் 60,000 அனுப்பினேன். பாக்ஸ் வந்து இறங்கியதும் 40,000, வேலை முடிந்ததும் மீதி 34,000 என்பதுதான் பேச்சு.

ஆடிப் பதினெட்டுக்குள் கிச்சன் நின்றுவிடும் என்றீர்கள். ஒகேனக்கல் போகிற சொந்தக்காரர்கள் எல்லாம் நம் வீட்டில்தான் தங்குவார்கள் என்று நான் சொன்னபோது, "அவங்களுக்குப் புதுக் கிச்சன்லயே சோறு போடுங்க" என்றீர்கள். அவர்களுக்கு ஓட்டலில் வாங்கித்தான் போட்டோம். அப்புறம் பிளைவுட் சேலத்திலிருந்து வரணும் என்றீர்கள், பையன்கள் ஓசூர் அப்பார்ட்மென்ட் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றீர்கள். அதையெல்லாம் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 20-க்குப் பிறகு போனே எடுக்காமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள், ஒரு வரி பதில் இல்லை. பட்டறைக்கு ஆள் அனுப்பினால் 'சைட்டுக்குப் போயிருக்கார்' என்கிறார்கள்.

இங்கே நிலைமை இதுதான். உங்கள் படத்தைப் பார்த்துத்தான் கிரானைட் போட்டோம், சிங்க் பைப்பையும் ஒரு அடி தள்ளி மாற்றினோம். மேடைக்குக் கீழே எல்லாம் திறந்தே கிடக்கிறது. சிலிண்டரும் அரிசி டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். பாத்திரங்கள் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன. ராத்திரி எலி வந்து அட்டையைக் கடிக்கிறது. 'சிம்னி' என்று நீங்கள் பென்சிலால் சுவரில் எழுதிவிட்டுப் போனது அப்படியே இருப்பதால் அந்தச் சுவருக்குப் பெயின்ட் கூட அடிக்கவில்லை.

ஆகவே செப்டம்பர் 22, திங்கட்கிழமைக்குள், செய்து தருகிறீர்களா இல்லையா என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

செய்வதாக இருந்தால் அக்டோபர் 15-க்குள் மாட்டி முடித்திருக்க வேண்டும். தீபாவளி 20-ஆம் தேதி வருகிறது, அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. ஆயுத பூஜைக்குப் பட்டறை மூடுவீர்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இந்தத் தேதி. மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் நான் ஒருமுறை பட்டறைக்கு வந்து பலகையைப் பார்ப்பேன். 18 எம்.எம். பலகையில் 710 முத்திரை இருக்க வேண்டும், பேசியது அதுதான். பாக்ஸ் இறங்குகிற வரை இனி ஒரு ரூபாயும் தர மாட்டேன்.

முடியாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. 70,000 ரூபாயையும் செப்டம்பர் 30-க்குள் அதே ஜிபே நம்பருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் அளவுக்கு ஏற்கெனவே பலகை வெட்டியிருந்தால், கடை பில்லைக் காட்டுங்கள், சரக்கையும் காட்டுங்கள். நல்ல சரக்காக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அந்த விலையைக் கழித்துக்கொள்கிறேன். பில்லும் இல்லை, சரக்கும் இல்லை என்றால் கழிக்க ஒன்றுமில்லை.

22-ஆம் தேதி வரை பதில் இல்லையென்றால், வேலை வேண்டாம் என்று நீங்கள் விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வேன். முழுப் பணமும் 30-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ஒத்துக்கொண்டு அக்டோபர் 15-க்கும் முடிக்கவில்லை என்றாலும் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பேன். அப்படியும் வரவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அட்வான்ஸோடு சேர்த்து வட்டி, மன உளைச்சல், செலவு எல்லாவற்றுக்கும் கேட்பேன். பட்டறை வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் சும்மா விட்டுவிடுகிற ஆளும் இல்லை.

பக்கத்துத் தெருவில் நீங்கள் செய்து கொடுத்த வேலையைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தேன். டிராயர் இழுத்தால் சத்தமே இல்லாமல் மூடியது. அதனால்தான் இப்போதும் முதலில் தேதி கேட்கிறேன், பணம் அதற்கு அடுத்துதான். ஏதாவது கஷ்டம் இருந்தால், உடம்புக்கு முடியவில்லை என்றால், போன் பண்ணிச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில், நீங்கள் வாங்கியதற்கான அத்தாட்சியோடு அனுப்புகிறேன். இதன் போட்டோவை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பென்னாகரம் ரோட்டு வீட்டுக்காரர்

இணைப்பு: கையெழுத்துடன் கூடிய எஸ்டிமேட் தாளின் நகல், 16.06.2025 ஜிபே ரசீது, கிச்சன் படத்தின் நகல், வாட்ஸ்அப் செய்திகளின் பிரின்ட்.