முன்அனுமதி வேண்டுகோள்: வலது முழங்கால் முழுமூட்டு மாற்று அறுவை சிகிச்சை

பாளையங்கோட்டை,
10.11.2025

பெறுநர்:
மருத்துவ அலுவலர் அவர்கள்,
பணமில்லாச் சிகிச்சை முன்அனுமதிப் பிரிவு

பொருள்: திருமதி பேச்சியம்மாள், வயது 61, முக்கூடல். 20.11.2025 அன்று செய்யத் திட்டமிட்டுள்ள வலது முழங்கால் முழுமூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட நோயாளியின் காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், நிரப்பிய முன்அனுமதிப் படிவம் ஆகியவற்றை எங்கள் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசை இக்கடிதத்துடன் அனுப்பியுள்ளது. படிவத்தின் சிறிய கட்டங்களுக்குள் இவருடைய நிலைமையை முழுமையாக எழுத இயலாததாலும், "மாத்திரையிலேயே தொடரலாமே" என்ற கேள்வி இத்தகைய வேண்டுகோள்களுக்கு வழக்கமாக எழுவதாலும், சிகிச்சை அளிக்கும் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் என்ற முறையில் விவரங்களை நானே எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றி வருபவர். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டுத் தரையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து செய்யும் வேலை அது. வலது முழங்கால் வலிக்காக இவர் முதன்முதலில் மருத்துவரைப் பார்த்தது 14.02.2021 அன்று, அந்தப் புறநோயாளிச் சீட்டின் நகல் இணைப்பில் உள்ளது. விபத்து, எலும்பு முறிவு, முடக்குவாதம், மூட்டில் சீழ் ஆகிய எதுவும் இதற்குக் காரணமல்ல. மது, புகைப் பழக்கம் இல்லை. முழங்காலில் இதற்கு முன் அறுவை எதுவும் நடந்ததில்லை.

நோயறுதி: இரு முழங்கால்களிலும் முதன்மை மூட்டுத் தேய்மானம், குறியீடு M17.0. வலதில் நோய் இறுதி நிலையில், கெல்கிரன்-லாரன்ஸ் அளவீட்டில் நான்காம் தரத்தில் உள்ளது. இடதில் இரண்டாம் தரம். நோய்க் குறியீடு இரு மூட்டுகளையும் குறித்தாலும், இப்போது அனுமதி கோருவது வலது முழங்காலுக்கு மட்டுமே. இடது முழங்கால் பயிற்சியிலும் எளிய வலி மாத்திரையிலும் கட்டுக்குள் இருப்பதால் அதற்கு அறுவை தேவையில்லை.

03.11.2025 அன்று நான் பரிசோதித்தபோது வலது கால் முழங்காலில் 18 பாகை உள்வளைந்து வில் போல் இருந்தது. காலை முழுதாக நீட்ட முடியவில்லை. நிலைத்த மடக்கம் 12 பாகை. மடக்கவும் 85 பாகைக்கு மேல் முடியவில்லை. பரிசோதனை மேசையில் ஏறுவதற்காக அவர் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்தேன்: இடது செருப்பு ஓரளவு சமமாகத் தேய்ந்திருக்க, வலது செருப்பின் வெளி ஓரம் மட்டும் குதிங்காலிலிருந்து சுண்டுவிரல் வரை தாள்போல் மெலிந்து, உள் ஓரம் புதிது போலவே இருந்தது. உடலின் எடை அந்தக் காலில் எப்படி இறங்குகிறது என்பதை எக்ஸ்ரே சொல்வதற்கு முன்பே அந்தச் செருப்பு சொல்லிவிட்டது. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டின் உட்பக்க இடைவெளி முற்றிலும் அடைந்து எலும்பும் எலும்பும் உரசி நிற்கின்றன. வெளிப்பக்கத்திலும் சில்லெலும்பின் அடியிலும் எலும்பு முளைகளும் இடைவெளிக் குறைவும் தெளிவாக உள்ளன. மூட்டின் மூன்று அறைகளும் பாதிக்கப்பட்டுள்ளன என்பதைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். சிகிச்சைத் தேர்வு இதைப் பொறுத்தே அமைகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் 48க்கு 14. அன்றாட வாழ்வில் இதன் பொருள், வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் இரண்டு இடங்களில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதும், இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் வலியால் விழிப்பு வருகிறது என்பதும்தான். கடந்த ஓராண்டில் இரு முறை கால் மடங்கி விழுந்துள்ளார். இரண்டாம் முறை தெருக்குழாயிலிருந்து குடத்துடன் திரும்பும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கியது. முறிவு இல்லை என்பது அவருடைய நல்ல காலம். இந்த வயதில் அடுத்த வீழ்ச்சி இடுப்பெலும்பு முறிவாக முடியக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு.

அறுவையில்லாச் சிகிச்சைகள் முறையாக, போதிய காலம் செய்யப்பட்டுள்ளன. 2023 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டு வாரம் இயன்முறைப் பயிற்சி பெற்றார். வருகைப் பதிவேட்டின் நகல் உள்ளது. உடல் எடையை 71 கிலோவிலிருந்து 64 கிலோவாகக் குறைத்தார். பாரசிட்டமால் பலனளிக்காததால் வெளியில் டைக்ளோஃபினாக் எழுதிக் கொடுக்கப்பட்டு, அதைப் பல மாதம் தொடர்ந்து உட்கொண்டதில் 2024 மே மாதம் இரத்தக் கிரியாட்டினின் 1.5 ஆக உயர்ந்தது; வயிற்றெரிச்சலும் வந்தது. மாத்திரையை நிறுத்திய பின் கிரியாட்டினின் 1.1க்கு இறங்கியது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவருக்கு அதே வகை மாத்திரையை மீண்டும் தொடங்குவது முழங்காலைக் காப்பதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும். அதை என்னால் பரிந்துரைக்க இயலாது. மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி இரு முறை போடப்பட்டது. 2024 ஜனவரியில் போட்ட ஊசி பத்து வாரம் சுகம் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போட்டது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதன் பின் ஊசி போடப்படவில்லை என்பதால், ஊசிக்கும் அறுவைக்கும் இடையில் கிருமித் தொற்றைத் தவிர்க்க வேண்டிய மூன்று மாத இடைவெளி நன்றாகவே கடந்துள்ளது.

மாற்று அறுவைகளையும் ஆராய்ந்தேன். மூட்டுக்குள் கருவி செலுத்திக் கழுவுவது இவ்வளவு முற்றிய தேய்மானத்தில் பலன் தராது. கால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவையும், மூட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் அறுவையும் தேய்மானம் ஒரே அறையில் அடங்கியிருப்பவர்களுக்கு உரியவை. மூன்று அறைகளும் கெட்டு, நிலைத்த மடக்கமும் உள்ள இவருக்கு அவை பொருந்தா. முழுமூட்டு மாற்று ஒன்றே எஞ்சியுள்ள வழி.

இந்த அறுவையில் அவசரம் காட்டப்படவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கடந்த ஜூலையிலேயே அறுவைக்கு இவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6 சதவீதம் இருந்ததால் தொற்று அபாயம் கருதி நானே தள்ளிவைத்தேன். நான்கு மாதம் உணவிலும் மருந்திலும் கவனமாக இருந்து, இம்மாதம் அது 7.2 ஆகியுள்ளது. சொத்தைப் பற்கள் இரண்டு அக்டோபரில் பிடுங்கப்பட்டன. ஹீமோகுளோபின் 11.4, சிறுநீரில் கிருமி வளரவில்லை, எக்கோவில் இதயத்தின் இயக்கம் 60 சதவீதம், இயல்பு. மயக்க மருத்துவரும் இதய மருத்துவரும் அறுவைக்குத் தகுதி என்று எழுதியுள்ளனர். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நிலையில் அறுவையைச் செய்வதே பாதுகாப்பு; மீண்டும் தள்ளிப்போனால் இப்பரிசோதனைகள் பலவற்றை மறுபடி செய்ய நேரும், மடக்கமும் கூடும்.

செய்யவிருப்பது: முதுகுத்தண்டு மயக்கமும் தொடை நரம்பு மரப்பும் கொடுத்து, வலது முழங்காலின் மூன்று பரப்புகளையும் எலும்புச் சிமெண்ட் கொண்டு பொருத்தும் செயற்கை மூட்டால் மாற்றுதல், குறியீடு 0SRC0J9. மூட்டு கோபால்ட்-குரோமியம் உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் ஆன வழக்கமான வகை. அதன் விலை, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் கொண்டுவந்த உச்சவரம்புக்கு உட்பட்டது. பெட்டியின் ஒட்டுச்சீட்டுகள் இறுதிப் பட்டியலுடன் அனுப்பப்படும்.

19.11.2025 புதன் மாலை மருத்துவமனையில் சேர்த்தல், 20.11.2025 வியாழன் காலை அறுவை, 24.11.2025 திங்கள் வீடு திரும்புதல் என ஐந்து இரவுகள் தங்க வேண்டியிருக்கும். அவற்றில் அறுவை நடந்த இரவு உயர் கண்காணிப்புப் பிரிவிலும் மற்ற நான்கு இரவுகள் தனி அறையிலும் கழியும். உடல்நலம் உள்ள இளையவரை இதைவிட முன்னதாகவே அனுப்பலாம். இவருக்கோ முதல் இரு நாட்கள் மெட்ஃபார்மினை நிறுத்தி இன்சுலினில் சர்க்கரையைக் காக்க வேண்டும்; ஏற்கெனவே ஒரு முறை தளர்ந்த சிறுநீரகம் என்பதால் கிரியாட்டினினை நாள்தோறும் பார்க்க வேண்டும்; கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஊசி போட வேண்டும். அதோடு, இவர் தனியாக வசிக்கிறார். வீட்டுக்கு ஏற நான்கு படிகள், கழிப்பறை கொல்லைப்புறத்தில். வாக்கர் பிடித்துப் படி ஏறி இறங்கத் தெரிந்த பின்புதான் அனுப்ப முடியும். அம்பாசமுத்திரத்தில் உள்ள மகள் ஆறு வாரம் உடனிருக்க ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை இருக்கைக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

உத்தேசச் செலவு ரூ. 2,11,000. இதில் அறை வாடகை நான்கு நாட்களுக்கு ரூ. 11,200, கண்காணிப்புப் பிரிவு ரூ. 6,500, அறுவை மருத்துவர், உதவியாளர், மயக்க மருத்துவர் கட்டணம் ரூ. 62,000, அறுவை அரங்கம் ரூ. 24,000, செயற்கை மூட்டும் சிமெண்டும் ரூ. 68,500, மருந்துகள் ரூ. 27,000, பரிசோதனைகள் ரூ. 7,300, இயன்முறைப் பயிற்சி ரூ. 4,500 அடங்கும். அறை வாடகை ஒப்பந்த வரம்புக்குள் உள்ளது. வாக்கரை நோயாளி சொந்தச் செலவில் வாங்கிக்கொள்வார்.

திருப்பூரில் பணிபுரியும் மகன் 12.08.2019 அன்று எடுத்த ரூ. 5 லட்சம் காப்பீடு இன்றுவரை இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. மூட்டு மாற்றுக்கான 24 மாதக் காத்திருப்பு 2021 ஆகஸ்டிலேயே முடிந்தது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் விண்ணப்பப் படிவத்திலேயே தெரிவிக்கப்பட்டு, அவற்றுக்கான 48 மாதமும் கடந்துவிட்டது. முழங்கால் வலியின் முதல் பதிவு காப்பீடு தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குப் பின்னரே உள்ளது.

எனவே மேற்கண்ட அறுவைக்கும் ஐந்து இரவுத் தங்கலுக்கும் ரூ. 2,11,000க்கு முன்அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுவதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் ஐயம் ஏதும் இருந்தால் தீர்க்கப் போதிய அவகாசம் வேண்டும் என்றே ஒன்பது நாள் முன்னதாக அனுப்புகிறேன். மறுக்கும் எண்ணம் தோன்றினால், அதற்கு முன் தங்கள் மருத்துவர் என்னிடம் நேரடியாகப் பேசும்படி வேண்டுகிறேன். நாள்தோறும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை காப்பீட்டு உதவி மேசை வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம். எக்ஸ்ரேயை எதிரில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

அறுவையின் பலன்களையும், தொற்று, இரத்த உறைவு, மூட்டு விறைப்பு ஆகிய அபாயங்களையும் நோயாளிக்கும் மகளுக்கும் தமிழில் விளக்கி, ஒப்புதல் கையொப்பம் பெற்றுள்ளேன். இனித் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாது என்று சொன்னபோது, மேசையும் நாற்காலியும் போட்டு இலை வெட்டிக்கொள்வதாகப் பேச்சியம்மாள் சொன்னார்.

தங்கள் உண்மையுள்ள,
சிகிச்சை அளிக்கும் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்
(கையொப்பமும் மருத்துவமனை முத்திரையும் இடப்பட்டன)