புகைப்படத்தில் உள்ள லோகோ: கடிகாரம் பழுதுபார்க்கும் கடை

கடைக்கு இடப்புறம் நின்று, சற்றுக் கீழிருந்து எடுத்த படம். அதனால் லோகோவில் உள்ள பற்சக்கரத்தின் வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறது. வரைந்தது சரியான வட்டம்தான் என்பதை, வலப்புறம் போகப்போகப் பற்கள் ஒரே சீராகக் குறுகுவதிலிருந்து ஊகிக்கலாம்.

பலகையின் இடது பாதியில் கருநீலப் பற்சக்கரம். அதற்குள் வெண்ணிறக் கடிகார முகப்பு. எண்கள் இல்லை. 12, 3, 6, 9 இருக்க வேண்டிய இடங்களில் தடித்த குட்டைக் கோடுகள் மட்டும். முட்கள் 10 மணி 10 நிமிடத்தில் நிற்கின்றன. கடிகார விளம்பரங்களில் நெடுங்காலமாகப் பழகிய நிலை இது: இரு முட்களும் ஏறக்குறைய சமமாக விரிந்து, 12க்குக் கீழே தயாரிப்பாளர் பெயருக்கு வழிவிடும். இங்கே அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

பெரிய முள்ளை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் நுனி கூராக இல்லை, தட்டையாக இருக்கிறது. மறுமுனை மையத்தைத் தாண்டி நீண்டு, வரிகள் போட்ட சிறு கைப்பிடியாகப் பருக்கிறது. முள்ளே ஒரு திருப்புளி! லோகோவின் உயிர் இதில்தான் இருக்கிறது. இது இல்லாவிட்டால் கடிகாரம் விற்கும் கடை என்றே நினைக்கத் தோன்றும்; முகப்பை நீக்கிச் சக்கரத்தை மட்டும் வைத்தால் வண்டிப் பட்டறை என்றுகூட நினைப்பார்கள்.

நிறங்கள் மூன்றே: கருநீலம், வெள்ளை, சிவப்பு. வெள்ளை மஞ்சளோடியிருப்பது மேலே எரியும் விளக்கால் இருக்கலாம். பக்கத்துச் சுவரும் அதே மஞ்சளில் தெரிகிறது. சிவப்பு இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, முட்கள் கூடும் மையப்புள்ளி. மற்றொன்று, வலப்புறம் எழுதியுள்ள 'கடிகாரம்' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் உள்ள புள்ளி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே எழுத்துக்கு மேல் வழக்கத்தைவிடப் பெரிய புள்ளி. ஆனாலும் உறுத்தவில்லை, சொல்லையும் படத்தையும் சேர்த்துக் கட்டுகிறது.

எழுத்துகளின் கோடுகள் எங்கும் ஒரே தடிமன். முனைகள் மழுங்கலாக உருண்டிருக்கின்றன, தூரிகையின் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. 'டி'யின் கொக்கி மட்டும் சுருள்வில்லைப்போல ஒன்றரைச் சுற்று உள்ளே சுழல்கிறது. அழகுதான், ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவர் 'டீ' என்று படித்துவிடக் கூடும்.

மொத்தத்தில் நிதானமும் நுணுக்கமும் உள்ள கைவேலை என்ற எண்ணத்தை லோகோ தருகிறது. கருநீலம் நம்பிக்கையைக் குறிக்கிறது என்று சொல்வோர் உண்டு. எனக்கென்னவோ நிறத்தைவிட அந்தத் திருப்புளிதான் அதிகம் பேசுகிறது. பழைய கடிகாரத்தைத் தூக்கி எறியாமல் கொண்டு வரலாம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

கீழே மெல்லிய நீல எழுத்தில் இன்னொரு வரி ஓடுகிறது. 'பழுதுபார்க்க' என்பது வரைக்கும் தெளிவு. மீதியை விளக்கின் ஒளிப்பட்டை மறைத்திருக்கிறது.