தரக் கழிவு

பூம்பாறையில் முத்தையாவுக்கு மூன்று கறவை மாடு. இருபது வருஷமாகப் பால் விற்கிறார், ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. டீக்கடைக்காரர் கேனுக்குள் விரலை விட்டு, நகத்தில் ஒரு சொட்டை நிறுத்திப் பார்த்து, "கெட்டிதான் மாமா" என்பார். லிட்டருக்கு 36 ரூபாய். அதோடு சரி.

புரட்டாசியில் கொடைக்கானலில் இருந்து சீஸ் போடுகிறவர்கள் வந்தார்கள். லிட்டருக்கு 42 ரூபாய், தினமும் காலையில் 20 லிட்டர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வங்கியில் பணம். நான்கு பக்க ஒப்பந்தம், அதுவும் தமிழில்தான். முத்தையா விலை இருந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாமும் அப்படித்தானே போடுகிறோம்.

ஐப்பசியில் முதல் பட்டுவாடா. 300 லிட்டருக்கு 12,600 வர வேண்டும். செல்போனில் வந்தது 11,700.

"யாரோ தொள்ளாயிரத்தை முழுங்கிட்டாங்க" என்றார். பேச்சியம்மாள் பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். கௌசல்யா ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போய் ஆறாவதில் நின்றாள்.

"தரக் கழிவுன்னு போட்டிருக்குப்பா. 'அடிப்படைத் தரம் கொழுப்பு 4.0, கொழுப்பற்ற திடப்பொருளான எஸ்.என்.எஃப் 8.5. கொழுப்பு ஒவ்வொரு 0.1 குறைவுக்கும் லிட்டருக்கு 40 காசு, எஸ்.என்.எஃப் ஒவ்வொரு 0.1 குறைவுக்கும் 50 காசு கழிக்கப்படும்.' சீட்டுல உங்க பாலு 3.5, 8.3. லிட்டருக்கு மூணு ரூவா போயிருக்கு."

"அப்ப நான் தண்ணி ஊத்துறேன்னு எழுதியிருக்கானா?"

"அப்படி எழுதலப்பா."

அவருக்கு அப்படித்தான் கேட்டது. டீக்கடைக்காரருக்கு ஊற்றும்போதுகூட, கேனைக் கழுவிய தண்ணீரை உதறிவிட்டுத்தான் ஊற்றுகிற ஆள் அவர்.

மறுநாள் விடிகாலை பிக்கப் வரும் இடத்துக்குக் குடையோடு போனார். பால் எடுக்க வரும் பையன் பிரபுவிடம், "என் கண்ணு முன்னாடி பாரு" என்றார். பையன் கோபப்படவில்லை. கேனைக் கரண்டியால் மேலும் கீழும் நன்றாகக் கலக்கி, சின்னக் குப்பியில் எடுத்து மெஷினில் வைத்தான். 3.5. இன்னொரு குப்பி. மறுபடியும் 3.5.

"தண்ணி கலந்திருந்தா எஸ்.என்.எஃப் இன்னும் கீழ போயிருக்கும் மாமா. இது மழைக்காலத்துப் புல்லு, ஈரப்புல்லா மேய்ஞ்சா கொஞ்சம் இறங்கும். சாயங்காலப் பாலையும் கொண்டாங்களேன், பார்ப்போம்."

சாயங்காலப் பால் எப்போதும் டீக்கடைக்குத்தான். ஆனாலும் மறுநாள் ஒரு சொம்பில் கொண்டுபோனார். 4.3.

"இது யாரு வீட்டு மாடு மாமா?"

"அதே மாடுதாண்டா."

"ராத்திரி இடைவெளி நீளம். அதான் காலைப் பாலுல கொழுப்பு கம்மி." பிரபு குப்பியை அலசினான். "கன்னுக்குட்டிக்கு எப்ப விடுறீங்க?"

"மூணு காம்பு கறந்துட்டு, நாலாவத விட்டுருவேன். கறந்த காம்புலயும் கடைசிப் பாலு அதுக்குத்தான்."

"மடியில கடைசியா வர்ற பாலுலதான் கொழுப்பே இருக்கு மாமா. முதல்ல வர்றது வெறும் தெளிவு."

முத்தையா குடையை மடக்கினார், விரித்தார். இத்தனை வருஷம் கைக்குத் தெரிந்ததுதான். கடைசி இழுப்பில் பால் விரலில் ஒட்டும், வாசனையே வேறு. அதைக் கன்றுக்கு விட்டதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைக்குத்தான் லிட்டருக்கு இரண்டு ரூபாய் போயிருக்கிறது. மீதி ஒரு ரூபாய் மழைக்கு.

"சாயங்காலப் பாலையும் நீங்களே எடுப்பீங்களா?"

"எழுதுனது காலைக்கு மட்டும்தான். அடுத்த ஒப்பந்தத்துல கேளுங்க."

வீட்டில் பேச்சியம்மாள், "கன்னுக்குட்டிய வத்தப் போட்டா அடுத்த வருஷம் மாடு எங்கிருந்து வரும்?" என்று கேட்டாள். கௌசல்யா கணக்கு நோட்டில் தவிடு, பருத்திக்கொட்டை விலையை எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். முத்தையா இருவருக்கும் பதில் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியுமுன் கொட்டகையில் பல்பு எரிந்தது. செவலை கால் மாற்றி நின்றது. மூன்று காம்பு முடிந்தது. கன்று கயிற்றை இழுத்து முட்டியது. அவர் அதன் நெற்றியை முழங்காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூன்று காம்பையும் திரும்பப் பிடித்தார். பால் பீறிடவில்லை, மெல்லச் சொட்டியது. விரலில் ஒட்டியது. ஒட்ட ஒட்டக் கறந்து முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். நாலாவது காம்பு மட்டும் கன்றுக்கு.

மற்ற இரண்டு மாட்டையும் அப்படியே கறந்தார். அன்றைய சீட்டில் 3.9 என்றிருந்தது. கன்றுக்குட்டி மத்தியானம் வரை கத்தியது.